முன்னாடி இருக்கற நம்பர்

ஏனுங்கக்கா, நின்னுட்டே வர்றீங்களே, இப்படி வந்து உக்காருங்க. இவளைத் தூக்கி மடியில வெச்சுக்கறேன். நேத்ரா, எந்திரி சாமி, அத்தைக்கு எடம் விடு. ஒண்ணுஞ் செய்ய மாட்டா, பயப்படாதீங்க. முறுக்கு எண்ணெயை மட்டும் உங்க சீலையில தொடைக்காமப் பாத்துக்கங்க. அந்தத் தூக்குப் பையைக் காலுக்கடியில தள்ளிக்கங்க, சாப்பாடுதான்.

ஈரோடு வரைக்குங்களா? நானும் அங்கதான். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு. பதினோரு மணிக்கு விசாரணை. ஐயோ, நான் ஆபீசர் இல்லீங்க. என்னையப் பாத்தா ஆபீசர் மாதிரியா இருக்குது? விசாரிக்கறதே என்னையத்தான்.

சிரிங்க, சிரிங்க. நானே நோட்டீஸ் வந்தன்னிக்குச் சிரிச்சேன். பன்னெண்டாவதோட நின்னுட்ட புள்ளைக்கு கவர்மெண்டுல இருந்து சீல் வெச்ச கடுதாசியான்னு. என்ற வூட்டுக்காரர்தான், "சிரிக்கற விசயமில்ல இது, முழுசாப் படி"ன்னார்.

நமக்கு ரெண்டு சீட்டு முன்னாடி, பச்சைத் துண்டு போட்டுட்டு, மடியில தண்ணிக் கேனை வெச்சுக் கட்டிப் புடிச்சுட்டு ஒருத்தர் உக்காந்திருக்கார் பாருங்க. அது எங்கப்பா. செங்கோடன்னு பேரு. ஒரே பஸ்ஸு, ஒரே ஆபீசு, அவரையும் கூப்புட்டிருக்காங்க. ஆனா எங்கூடப் பேச மாட்டார். இன்னியோட இருவத்திமூணு நாளாச்சு. டிக்கெட்டுகூட அவருக்கு அவரே எடுத்துக்கிட்டார். பேத்தி "தாத்தா"ன்னு கத்தினா, அவளைப் பாத்து மட்டும் சிரிக்கறார். சிரிச்சுட்டு என்னையத் தாண்டி சன்னலைப் பாக்கறார்.

எல்லாம் ஒரு லெட்டரால வந்ததுங்கக்கா. ராஜினாமா லெட்டரு. ஒரு மனுசன் வேலையை விட்டுப் போறான்னா போக வேண்டியதுதானே? "சொந்தக் காரணம்"னு ஒத்த வரி எழுதிக் குடுத்துட்டு, எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுப் போனா என்ன? நாலு பக்கம் எழுதினார். என்ற தலையில கல்லைப் போட்டுட்டுப் போயிட்டார். எட்வின் சார்னு பேரு, எனக்கு மேல இருந்த இன்ஜினியரு. நாகர்கோயில் பக்கம்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். நான் ஒரு சாயப்பட்டறையில வேலைங்க. பட்டறைன்னா பெருசு, நாளைக்குப் பத்து டன் துணி ஓடும். நான் சாயம் போடற பக்கம் இல்ல, தண்ணி சுத்தம் பண்ற பக்கம். ஈடிபின்னு சொல்லுவாங்க. அதுல லேப் உதவியாளர். வெள்ளைக் கோட்டு உண்டுங்க. மாட்டினா டாக்டரம்மா மாதிரி இருப்பேன்.

சாயம் துணியில புடிக்கோணும்னா உப்புப் போடோணும். ஒரு நாளைக்கு எழுவது மூட்டை உப்பு. அந்தச் சாயத்தண்ணி, சோடாத்தண்ணி எல்லாம் பெரிய தொட்டிக்கு வரும். ஆசிட் விட்டு காரத்தை எறக்கணும். அப்பறம் காத்து அடிக்கற தொட்டி, அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அழுக்கைத் திங்கும். பூச்சிக்குக் காத்து கொறஞ்சா செத்துரும், நாத்தம் புடுங்கும். அப்பறம் மணல் வடிகட்டி. அப்பறம் ஆர்.ஓ. வீட்டுல சின்னதா மாட்டிருப்பீங்கள்ல, அதையே வீடு அளவுக்குக் கட்டி வெச்ச மாதிரி. அதுல நல்ல தண்ணி ஒரு பக்கம், உப்பெல்லாம் சேர்ந்த கெட்ட தண்ணி ஒரு பக்கம். நல்லது திரும்பவும் சாயத்துக்கே போயிரும். கெட்டதை ரிஜெக்ட்டும்போம். அதைக் கொதிக்க வெச்சு ஆவியாக்கி, உப்பா எடுத்து மூட்டை கட்டணும். ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது. அதான் சட்டம்.

சட்டம் நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தக் கொதிக்க வெக்கற மிசின் இருக்குதுங்களே, அது பொல்லாதது. வெறகைத் தின்னுக்கிட்டே இருக்கும். குழாய்க்குள்ள உப்பு ஏடு ஏடாப் படிஞ்சு அடைச்சுக்கும். நிறுத்திச் சொரண்டினா ரெண்டு நாள் போயிரும். ரெண்டு நாளும் ரிஜெக்ட் வந்துட்டேதான் இருக்கும், தொட்டி ரொம்பிரும். சாயம் ஓட்டறதை நிறுத்துவாங்களா? நிறுத்த மாட்டாங்க. மழை வந்தா வால்வைத் தொறந்துருவாங்க. காம்பவுண்டுக்குள்ள மழைத்தண்ணி வாய்க்கால் ஒண்ணு இருக்குது, அது நேராப் போயி ஆத்துல விழும். மழையோட மழையா கலந்து போயிரும். யாருக்குத் தெரியும்?

அந்த வாய்க்கால்லயும் நான் மூணு வேளை மீட்டர் வெச்சுப் பாத்து நோட்டுல எழுதோணும். இதோ, இந்த மீட்டருதான். பேனா மாதிரி இருக்குதுல்ல? தண்ணியில முக்கினா எத்தனை உப்புன்னு நம்பர் காட்டும். வாய்க்கால்ல ரெண்டாயிரத்து நூறைத் தாண்டக்கூடாது.

சேந்த மொத வாரம், வாய்க்கால்ல முக்கினா பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பது. நான் நோட்டை எடுத்துட்டு மேனேஜர் நல்லசிவம் சார்கிட்ட ஓடினேன். அவரு பாத்தார், கோவப்படல. எப்பவும் கோவப்பட மாட்டார், நல்ல மனுசன். "ஏம்மா கோகிலவாணி, இதுல முன்னாடி இருக்கற ஒரு நம்பரை விட்டுட்டுப் படி"ன்னார். படிச்சேன். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. "எத்தனைக்குள்ள இருக்கோணும்?" "ரெண்டாயிரத்து நூறுங் சார்." "அப்ப சரியாத்தானே இருக்குது?"ன்னார்.

சரியாத்தான் இருந்துச்சு. ஒரு நம்பர்தானுங்களே. பொய்யா நானாக் கற்பனை பண்ணி ஒண்ணும் எழுதல. மீட்டரு காட்டினதுல ஒண்ணே ஒண்ணை விட்டேன், அவ்வளவுதான்.

சனிக்கெழமையானா இவளைப் பாத்துக்க ஆளில்ல. என்ற மாமியார் கோயிலுக்குப் போயிருவாங்க. அதனால சனிக்கெழமை மத்தியானமே அடுத்த வாரத்து நம்பரையெல்லாம் எழுதி வெச்சுட்டு நாலு மணி பஸ்ஸைப் புடிச்சுருவேன். எப்பவும் ஒரே மாதிரிதானே வரப்போகுது? நாளும் கெழமையும் போட்டு, கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு, முத்து முத்தா எழுதுவேன். என்ற கையெழுத்து நல்லா இருக்கும். எட்வின் சார் வந்த புதுசுல அதைப் பாத்துட்டு, "கோகிலா, உன் நோட்டைப் பார்த்தா திருப்பிப் பார்க்கவே தோணாது, கேட்டியா"ன்னு சொல்லி வாரத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டுருவார். பதினோரு மாசம் அப்படித்தான் போட்டார்.

நல்லாப் பழகுவாருங்க. தனி ஆளு, ஓட்டல் சாப்பாடு. நான் கொண்டு போற தக்காளி சாதத்துல பாதியை அவருக்கு வெச்சுருவேன். "தங்கச்சி கையால சாப்பிடுற மாதிரி இருக்கு"ம்பார். அப்படிச் சொன்ன வாயிதான்.

இதுக்கு நடுவுல எங்கப்பா கதை ஒண்ணு. எங்கூரு பட்டறைக்குக் கீழ, ஆத்தோரமா ஆறு மைல். கெணறு இருக்குது, ஒண்ணேகால் ஏக்கர். அக்கம்பக்கத்துல எல்லாரும் வெள்ளாமையை விட்டுட்டு தென்னையை மட்டும் வெச்சுக்கிட்டாங்க, தண்ணி உப்புக் கரிக்குதுன்னு. அப்பா மட்டும் மஞ்சள் போடறேன்னு நின்னார். "நீதான் தண்ணி பரிசோதிக்கற வேலையில இருக்கறயே கண்ணு, நம்ம கெணத்தைப் பாத்துச் சொல்லு"ன்னார். சித்திரையில லீவுக்குப் போனப்ப மீட்டரைக் கொண்டு போனேன். ஊரே கூடிருச்சு. செங்கோடன் மவ மிசின் கொண்டாந்திருக்காள்னு. வாளியில மோந்து வெச்சு, முக்கினேன்.

ரெண்டாயிரத்து எண்ணூத்தி நாப்பது.

அப்பா மொகத்தைப் பாத்தேன். இத்தனை பேர் நிக்கறாங்க. புதுத் துண்டு வேற போட்டுட்டு நிக்கறார். நான் என்னக்கா பண்ணுவேன்? "எண்ணூத்தி நாப்பதுப்பா"ன்னேன்.

முன்னாடி இருந்த ரெண்டை விட்டுட்டேன். வாயில அதுவா வந்துருச்சுங்க. "ஆயிரத்துக்குள்ளன்னா மஞ்சளுக்குத் தாங்குமா?"ன்னார். "தாங்கும்ப்பா." அவ்வளவு சந்தோசம். வைகாசியில மஞ்சள் நட்டார்.

மொளைச்சுச்சு, மொளைக்காம இல்ல. ஆடி கடைசியில எலை நுனியெல்லாம் தீயில காட்டின மாதிரி கருகிப் போச்சு. நான் மருந்து சரியில்லைன்னு சொன்னேன். அவரு வேற கடையில மருந்து வாங்கி அடிச்சார்.

ஆவணியில இவளுக்குக் காதுகுத்து. எங்கூருல, எங்கண்ணன் மடியில வெச்சு. கெடா வெட்டி விருந்து. பட்டறையில இருந்து எட்வின் சாரை மட்டுந்தான் கூப்புட்டேன். அவரும் சொந்தக்கார ஒறம்பரை மாதிரி வேட்டி கட்டிட்டு வந்தார். இவளுக்கு வெள்ளிக் கொலுசு போட்டார். சாப்புட்டுட்டுக் கெணத்தடிக்குக் கை கழுவப் போனார். போனவர் கழுவிட்டு வர வேண்டியதுதானே? வாயில ஒரு மடக்கு விட்டுத் துப்பினார். அப்பறம் மஞ்சக் காட்டுக்குள்ள எறங்கி எலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பாக்கெட்டுல இருந்து மீட்டரை எடுத்தார். விருந்துக்கு வர்ற மனுசன் பாக்கெட்டுல மீட்டரு எதுக்குங்க?

என்கிட்ட ஒண்ணுங் கேக்கல. அப்பாகிட்டயும் சொல்லல. "வயல் நல்லாயிருக்குங்களா சார்?"னு அப்பா கேட்டதுக்கு, "பார்க்கணும் ஐயா"ன்னு மட்டும் சொன்னார். பஸ் ஏறிப் போயிட்டார்.

திங்கக்கெழமையில இருந்து ஆளே மாறிட்டார். உப்பு வர்ற லாரியை எண்ணறார். நம்மகிட்டத் திரும்பி வர்ற உப்பு மூட்டையை எண்ணறார். ஒரு வாரம் கழிச்சு என்னையக் கூப்புட்டார். "கோகிலா, நாளைக்கு எழுபது மூட்டை உள்ள போகுது. திரும்பக் கிடைக்கிறது, உப்புத் தண்ணியாவே திரும்பச் சாயத்துக்குப் போறதையும் சேர்த்தா, நாற்பது. முப்பது மூட்டை எங்க? துணி உப்பைத் திங்காது, கேட்டியா."

"ஈரத்துல கரைஞ்சிருக்குஞ் சார்"ன்னேன்.

அவர் கணக்கு எழுதின காயிதத்தை மடிச்சு வெச்சார். "ஆமா. கரைஞ்சுதான் போச்சு"ன்னார்.

அப்பறம் பழைய நோட்டையெல்லாம் எடுத்து, கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பக்கமாத் திருப்பினார். ஆனியில ஒரு புதன்கெழமை, மாசா மாசம் லைன் வேலைக்கு கரண்ட்டு நிறுத்துவாங்கள்ல, காலையில ஒம்பதுல இருந்து அஞ்சு வரைக்கும், அந்த நாளு. எங்க பட்டறை ஜெனரேட்டர் சாய மிசினுக்கே பத்தாது. ஈடிபி முழுக்க ஆஃப். பம்பு இல்ல, காத்து இல்ல, ஆர்.ஓ. இல்ல. சாயத்தண்ணி தொட்டி ரொம்பி அதுபாட்டுக்கு வாய்க்கால்ல போச்சு. நோட்டுல பாத்தா, பத்து மணிக்கு ஆர்.ஓ. ஓடுது, ரெண்டு மணிக்கு ஓடுது, நாலு மணிக்கு ஓடுது. நல்ல தண்ணி இத்தனை, ரிஜெக்ட் இத்தனை. முத்து முத்தா.

சனிக்கெழமையே எழுதி வெச்சதுங்கக்கா! புதன்கெழமை கரண்ட்டு நிக்கும்னு எனக்கு சோசியமா தெரியும்? நின்னதுக்கப்பறமாச்சும் அடிச்சிருக்கணும். அடிச்சா நோட்டு அசிங்கமா இருக்கும்னு விட்டுட்டேன்.

ஐப்பசி மொத வாரம் அந்த லெட்டரை எழுதினார். தமிழ்லயே எழுதினார், முதலாளிக்கு. என்னைய உக்கார வெச்சு, "படிச்சுப் பாரு, உன் விசயமும் இருக்கு. படிக்காம அனுப்ப மாட்டேன்"ன்னார். படிச்சேன். எப்படி ஆரம்பிக்குதுன்னா, எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்குதுங்க, "இந்த நிறுவனம் சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றில் விடுகிறது. அதைச் சுத்திகரித்ததாக நான் கையெழுத்திட்டு வந்தேன். இனி இட முடியாது. எனவே விலகுகிறேன்." அப்பறம் உப்பு மூட்டைக் கணக்கு. மழை பெஞ்ச நாளு ஒவ்வொண்ணும், அன்னன்னிக்கு எந்த வால்வு, எத்தனை மணிக்குத் தொறந்தாங்க. கரண்ட்டு இல்லாத புதன்கெழமை. "இந்தப் பதிவேட்டை எழுதிய உதவியாளர் தமக்குச் சொல்லப்பட்டதை எழுதினார். பதினொரு மாதம் பார்க்காமல் கையெழுத்திட்டவன் நான். பொறுப்பு என்னுடையது."

பாத்தீங்களா? உதவியாளர். என்ற பேரைக்கூடப் போடல. ஒரு வருசமா எங்கையில சாப்புட்டவர், கோகிலவாணின்னு ஒரு வார்த்தை எழுதினா என்ன கொறஞ்சா போயிருவார்?

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். மூணாவது பக்கத்துல என்ன இருந்துச்சு தெரியுங்களா? "ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கிணறுகள்"னு போட்டு, மொத வரியில, "திரு. செங்கோடன் கிணறு, 2,910."

"சார், எல்லாத்தையும் எழுதிக்கங்க. அந்தக் கெணத்து வரியை மட்டும் எடுத்துருங்க"ன்னேன்.

"ஏன்?"

எப்படிச் சொல்றது? "அப்பாவுக்கு எண்ணூத்தி நாப்பதுன்னு சொல்லியிருக்கேன் சார்."

அவரு பேனாவை மூடி வெச்சார். "அதை நம்பித்தான் மஞ்சள் நட்டாரா?"

"ஆமாங் சார்."

"கோகிலா, வாய்க்கால் தண்ணியை மழைன்னு சொல்லித் தப்பிச்சுருவாங்க. உப்பை இன்னொரு பட்டறை மேல தள்ளிருவாங்க. ஆனா அந்தக் கெணத்துத் தண்ணியையும் மஞ்சளையும் யாரும் ஒளிக்க முடியாது. அதை எடுத்தா இந்தக் கடிதம் வெறும் என் கோவம்தான். நீ போய் உங்க அப்பாகிட்ட முதல்ல சொல்லிரு. நீ சொல்ற வரைக்கும் பத்து நாள் நான் அனுப்பாம வெச்சிருக்கேன்."

பத்து நாள் வெச்சிருந்தாருங்க. நானும் பத்து நாளும் போகல. இவளுக்குக் காய்ச்சல் அது இதுன்னு தள்ளிட்டேன். சொல்லுங்க, காதுகுத்துக்கு வந்து கறிச்சோறு தின்னுட்டு, அந்த வீட்டுக் கெணத்தையே லெட்டர்ல எழுதினா அது துரோகமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

லெட்டரை முதலாளிகிட்ட நேர்லயே குடுத்தார். முதலாளி படிச்சுட்டு மேனேஜரை விட்டுப் பேசச் சொன்னார். மேனேஜர் என்னைய விட்டுப் பேசச் சொன்னார். "நீ சொன்னாக் கேப்பான் புள்ளே. சொந்தக் காரணம்னு மாத்தி எழுதிக் குடுக்கச் சொல்லு. அனுபவச் சான்று, விடுவிப்புச் சான்று எல்லாம் அன்னிக்கே கையில. இல்லேன்னா எந்தப் பட்டறையிலயும் சேத்துக்க மாட்டாங்க"ன்னார். போய்ச் சொன்னேன். எட்வின் சார் அலமாரியைக் காலி பண்ணிட்டு இருந்தார். "எனக்குச் சொந்தக் காரணம் ஒண்ணும் இல்லியே கோகிலா"ன்னு சிரிச்சார். "எல்லாம் ஆத்துக் காரணம்தான்." சான்றிதழ் இல்லாமலே போனார். பொழைக்கத் தெரியாத மனுசன்.

போறப்ப கையில ஒரு கவரு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டிய நகல். ரயிலுக்கு நேரமாச்சு, தபால் ஆபீஸ் சாப்பாட்டுக்கு மூடினா ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாங்கன்னு முழிச்சுட்டு நின்னார். நாந்தான், "குடுங்க சார், நான் அந்த வழியாத்தான் போறேன், பதிவுத் தபால்ல போட்டுர்றேன்"ன்னேன். "நிச்சயமாவா?"ன்னார். "உங்க தங்கச்சியை நம்ப மாட்டீங்களா?"ன்னேன். உடனே குடுத்துட்டார்.

தபால் ஆபீஸ் வரைக்கும் போனேங்கக்கா. சத்தியமாப் போனேன். வாசல்ல நின்னேன். உள்ளுக்குள்ள அந்த வரிதான் ஓடுது. திரு. செங்கோடன் கிணறு. திரும்பிப் பட்டறைக்கே வந்து மேனேஜர் மேசையில வெச்சுட்டேன். "சார், இதுல எங்கப்பா கெணறு இருக்குது, வெளிய வரக்கூடாது சார்"ன்னேன். அவரு கவரை வாங்கி டிராயர்ல போட்டுப் பூட்டி, "நீ நம்ம புள்ள"ன்னார்.

அன்னிக்கு அதைக் கேட்டு மனசு குளுந்து போச்சுங்க.

எட்வின் சார் போன் பண்ணினார், ரசீதைப் படம் எடுத்து அனுப்புன்னு. "கொழந்தை கிழிச்சுப் போட்டுருச்சு சார்"ன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி கூப்புட்டார். "வாரியத்துல கடிதமே வரலைங்குறாங்க. தபால்ல தொலைஞ்சிருக்கும், நீ கவலைப்படாத. என்கிட்ட இன்னொரு நகல் இருக்கு, நானே நேர்ல கொண்டு போறேன்"ன்னார். ஒரு சந்தேகங்கூடப் படல பாருங்க. இத்தனை ஏமாளியா ஒருத்தர் இருப்பாங்களா? கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தா எனக்கும் நல்லா இருந்திருக்கும். அதுல இருந்து நான் தக்காளி சாதமே செய்யல.

நேத்ரா, சும்மா இரு சாமி. மீட்டரைக் கடிக்காத.

அப்பறம் வந்தாங்க, வாரியத்து ஆளுங்க. பட்டறைக் கரண்ட்டைப் புடுங்கிட்டாங்க, வால்வுக்கு சீல் வெச்சாங்க. நேரா எங்கூருக்கும் போயிட்டாங்க. நான் விசயம் கேட்டு அடிச்சுப் புடிச்சுப் போறதுக்குள்ள கெணத்தடியில நிக்கறாங்க. ஆபீசர் ஒரு அம்மா. தண்ணி மோந்து மீட்டரை முக்கினாங்க. "மூவாயிரத்துக்கு மேல இருக்கே ஐயா. இதை வெச்சா மஞ்சள் நட்டீங்க?"

அப்பா சொன்னார், "எண்ணூத்தி நாப்பதுன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது?"

அப்பா திரும்பி என்னையப் பாத்தார். நான் குனிஞ்சு கெணத்தைப் பாத்தேன். அந்தம்மா பேனாவை வெச்சுக்கிட்டுக் காத்துட்டு நிக்கறாங்க. அப்பா சொல்றார், "நெனப்பில்லீங்க. வயசாயிருச்சு."

அவ்வளவுதான். அதுக்கப்பறம் எங்கூடப் பேசல. அடிச்சிருந்தாக்கூடத் தேவலைங்க. காப்பி குடுத்தா வாங்கிக் குடிச்சுட்டு டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போயிட்டார்.

மேனேஜர் மட்டும் அப்பவும் கோவப்படல. வாரியத்துக்கு அவங்க எழுதின பதிலைக் காட்டினார். அதுல என்ற பேரை முழுசாப் போட்டிருக்காருங்க, இனிசியலோட, செ. கோகிலவாணின்னு. எட்வின் சார் மாதிரி உதவியாளர்னு விட்டுடல. நான் பெருமையா வூட்டுக்காரர்கிட்டக் காட்டினேன். அவர் படிச்சுட்டுத் தலையில கை வெச்சு உக்காந்துட்டார். "அடிப்பாவி, பொறியாளரும் செ. கோகிலவாணியும் சேர்ந்து பொய்ப் பதிவு செய்தார்கள், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாதுன்னு போட்டிருக்காங்கடி"ன்னார்.

நான் நம்பல. போய்க் கேட்டேன். "சார், நீங்கதானே சார் முன்னாடி இருக்கற நம்பரை விடச் சொன்னீங்க?" அவரு சிரிச்சார். "நானா? நான் எங்கம்மா அப்படி எழுதச் சொன்னேன்? படிக்கத்தானே சொன்னேன்?" நெனைச்சுப் பாத்தா, படின்னுதான் சொன்னார். எழுதினது நான்.

அப்பறம் இதைக் குடுத்தார். இந்தக் காயிதம். அவங்களே டைப் அடிச்சுட்டாங்க, நான் அடியில கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். "எட்வின் கட்டாயத்தால் எழுதினேன்"னு. போட்டுட்டா எம்மேல நடவடிக்கை வராமப் பாத்துக்கறாராம், பட்டறை தொறந்தா வேலையும் உண்டாம். காலையில காரு அனுப்பறேன்னார். ஏழு மணியில இருந்து நின்னேன், காரும் வரல, போனும் எடுக்கல. அதான் பஸ்ஸு.

போட்டுரலாம்னுதாங்கக்கா இருக்கேன். எட்வின் சாருக்கு என்ன, அவருதான் வேலையை விட்டுட்டாரே. பொறுப்பு என்னுதுன்னு அவரே எழுதியும் இருக்கார். அவரு எழுதினதைத்தானே நானும் எழுதறேன்? நீங்க என்ன சொல்றீங்க?

ஐயோ. அப்பா எந்திரிச்சு வர்றார். இங்கதான் வர்றார். நேத்ரா, கொஞ்சம் நகரு. என்னப்பா?

...மீட்டரா? இருக்குதுப்பா. கையிலதான் இருக்குது.

அக்கா, அந்தக் கேன் மூடியைக் கொஞ்சம் புடிங்க. பஸ்ஸு ஆட்டுது. ஊத்துங்கப்பா, போதும், போதும். நம்பர் ஓடிட்டு இருக்குது, நிக்கட்டும்.

மூவாயிரத்து... மூவாயிரத்து முந்நூத்திப் பத்துப்பா.

ஆமாப்பா. முன்னாடி இருக்கற நம்பரையும் சேத்துத்தான்.

சேத்துத்தான்ப்பா சொல்றேன்.

எழுதியா? ஆபீசுல உங்களுக்கு நெனப்பு வராதுன்னா, சரி, எழுதித் தர்றேன். காயிதத்துக்கு எங்க போறது? இருங்க. இதுக்குப் பின்னாடி வெள்ளையாத்தான் இருக்குது. தேதி. நேரம், பத்து இருவது. செங்கோடன் கிணறு. மூணு, மூணு, ஒண்ணு, சைபர். சித்திரையில பாத்ததுமா? அதுவுமாப்பா?

...ரெண்டு, எட்டு, நாலு, சைபர். பார்த்தது, செ. கோகிலவாணி. இந்தாங்கப்பா, கையெழுத்துப் போட்டுட்டேன்.

மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டார் பாருங்க. போய் உக்காந்துட்டார். "கண்ணு, பஸ்ஸு நிக்கறப்ப புள்ளையைக் கெட்டியாப் புடிச்சுக்க"ங்கறார். கேட்டீங்களா? எங்கிட்டதாங்க சொன்னார்.

அச்சச்சோ, மேனேஜர் குடுத்த காயிதம் அப்பாகிட்டப் போயிருச்சே! நான் இப்ப எதுல கையெழுத்துப் போடறது? கேட்டா, கொழந்தை கிழிச்சுருச்சுன்னு சொல்லிக்கலாமுங்களா? அது ஏற்கெனவே ஒரு தடவை சொன்னது. போவட்டும், என்னமோ ஒண்ணு.

எறங்கற எடம் வந்துருச்சுங்க. எட்வின் சாரும் அங்க வந்திருப்பாராம். நான் அவரு மொகத்துலயே முழிக்க மாட்டேன், பேச மாட்டேன், சத்தியமாப் பேச மாட்டேன். அவ்வளவு பண்ணிட்டார் எனக்கு.

அந்தத் தூக்குப் பையை எடுத்துக் குடுங்கக்கா. சாய்க்காதீங்க, தக்காளி சாதம். ஒரு ஆளுக்குச் சேத்தித்தான் கட்டியிருக்கேன்.